புதுச் சொம்பும் புது மாத்திரையும்

ருக்குவின் ரசத்தைப் பற்றி முதல் புகார் வந்தது டிசம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அனுப்பியவன் நாலாவது மாடி அபினவ். ‘ஆன்ட்டி, இன்னைக்கு ரசம் செம புளிப்பு. தப்பா எடுத்துக்காதீங்க’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதி, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தான். போட்ட கையோடு வேறு இரண்டு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

ருக்குவுக்குக் காது சுட்டது. துவாரகாவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், விமான நிலையத்திலும் குர்காவ்ன் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவள்தான் மத்தியானச் சாப்பாடு. சாம்பார் சுமார் என்று சொல்லியிருக்கிறார்கள். கூட்டில் உப்பில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ரசத்தை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாத்திரத்தின் அடியில் மிச்சமிருந்த ரசத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். புளிப்பு தெரியவில்லை. தெரிந்தது வேறு. பழைய சில்லறைக் காசு ஒன்றை நாக்கில் வைத்துச் சப்பியது போல ஒரு ருசி.

அந்த ருசி புதிதல்ல. சில நாட்களாகவே எதை வாயில் வைத்தாலும் அதே காசுதான். அதை அமுக்கத்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புளியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. சமைத்துப் போடுகிறவளுக்கு நாக்கு போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் அப்புறம் யார் டப்பாவைத் திறப்பார்கள்?

அன்று சாயங்காலம் அமைச்சக வேலை முடிந்து மெட்ரோவில் வந்து இறங்கிய கணவர் சேஷுவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையெழுத்துப் போடும் முன் கோப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கும் ஆசாமி. வீட்டு விஷயத்துக்கும் அதே முறைதான். முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். சுத்திகரிக்கும் இயந்திரத்தில் வடிகட்டியை மாற்ற ஆள் வந்து போனான். காசு ருசி போகவில்லை. அடுத்துப் புளி. கரோல் பாக் போய் வேறு புளி வாங்கி வந்தார். போகவில்லை. பற்பசையை மாற்றினார்கள். காலையில் எழுந்து வாயே கொப்பளிக்காமல் இருக்கும்போதும் காசு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

“மாத்திரையா இருக்குமோன்னா?” என்று ருக்கு ஒரு தடவை கேட்டாள்.

தீபாவளிக்கு அப்புறம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை என்று முடிவாகி, டாக்டர் சுஷ்மா மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் வாரம் ராத்திரி ஒன்று, பிறகு காலையிலும் ஒன்று.

சேஷு சிரித்துவிட்டார். “பத்து வருஷமா நானும் அதே மாத்திரைதானே முழுங்கிண்டிருக்கேன்? என்னை என்ன பண்ணித்து? பேரைப் பாரு, எழுத்துக்கு எழுத்து அதேதான்.”

அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. சமையலறை அலமாரியில் ஒரே டப்பாவில்தான் அவருடையதும் அவளுடையதும் கிடந்தன. மாத்திரை சந்தேகப் பட்டியலிலிருந்து விடுதலையானது.

வயிறும் சேர்ந்துகொண்டது. காலையில் பிசைகிற மாதிரி வலிக்கும். பசியே இல்லை. கவலையில் வயிறு கலங்குகிறது என்று அவளே தனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் மகள் ஷ்வேதா நுழைந்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், பாதிக்கு மேல் இந்தி கலந்து. எந்தக் கேள்விக்கும் பதில் கைப்பேசியில் இருக்கிறது என்பது அவள் கட்சி. சனிக்கிழமை காலை அம்மாவின் தட்டில் இட்லி அப்படியே இருப்பதைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்டாள். வாயில் உலோக ருசி, வயிற்று வலி, பசியின்மை என்று மூன்றையும் சேர்த்துத் தட்டினாள். திரையைப் பார்த்தவள் முகம் மாறியது.

“மா, ஏக் மினிட். நீ ரசம் வெக்கறியே, அந்தச் சொம்பு எங்க வாங்கினது?”

அந்தச் சொம்புக்கு ஒரு கதை உண்டு. ருக்குவின் ரசத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஈயச் சொம்பு. மற்றதெல்லாம் எவர்சில்வரில் கொதித்தாலும் கடைசியில் நுரை கட்டுவது அதில்தான். நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்பு, லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் நாத்தனார் ராஜியுடன் போனில் பேசிக்கொண்டே ருக்கு வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டாள். ராஜி கொலுவுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லி முடிப்பதற்குள் சொம்பு உருகிப் பர்னரில் வழிந்து உறைந்துவிட்டது. அந்த வாரமே சேஷு ஒரு வேலையாகத் தஞ்சாவூர்ப் பக்கம் போனவர், வழியில் ஏதோ ஒரு பாத்திரக் கடையில் பளபளவென்று ஒன்றை வாங்கி வந்தார். பேரம் பேசிக் குறைத்துவிட்டதாகப் பெருமை வேறு.

ஷ்வேதா படித்ததைத் தமிழில் சொல்லத் தெரியாமல் இந்தியில் சொன்னாள். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயம். மட்டமானதில் சில பேர் காரீயத்தைக் கலந்து விடுகிறார்கள். புளித்தண்ணீர் அதில் கொதித்தால் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உடம்பில் சேர்ந்தால் விஷம். வாயில் உலோக ருசி, வயிற்று வலி, பசியின்மை, சோர்வு.

சேஷு தன் விசாரணைக் கோப்பை மூடிவிட்டார். ஷ்வேதா திரையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினாள். அங்கே இருந்த வரியை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. ருக்கு எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டித் தானே படித்தாள். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் மிகவும் ஆபத்து என்று அது சொன்னது.

அவள் அப்படியே மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாலாவது மாடியில் அபினவின் மனைவி ஜ்யோத்ஸ்னாவுக்கு இது ஐந்தாவது மாசம். திருச்சிப் பெண். பெரிய வங்கி ஒன்றில் வேலை. மசக்கை அவளைப் போட்டுப் புரட்டி எடுத்தது. தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்துவிடும் என்ற நிலையில், ஒருநாள் ருக்கு அனுப்பிய ரசம் மட்டும் உள்ளே தங்கியது. அன்றிலிருந்து அவளுக்கென்று தனியாக ஒரு ஃபிளாஸ்க். தினமும். நவராத்திரியிலிருந்து எல்லாம் அந்தப் புதுச் சொம்பிலிருந்துதான்.

‘சில நாட்களுக்குச் சமையல் இல்லை. மன்னிக்கவும்’ என்று குழுவில் ஷ்வேதாவை எழுதச் சொன்னாள் ருக்கு. சொம்பை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினார் சேஷு. என்னமோ அது எழுந்து வந்து கடித்துவிடும் போல.

டாக்டர் சுஷ்மாவின் கிளினிக் குடியிருப்பின் வாசலிலேயே, பால் பூத்துக்கு அடுத்தது. நாற்பது வயதிருக்கும். பஞ்சாபிப் பெண். எல்லோரையும் உரிமையோடு அதட்டுவாள். சாயங்காலம் மூன்று பேரும் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஷ்வேதா கைப்பேசியை நீட்டினாள். சேஷு துண்டைப் பிரித்துச் சொம்பை மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் சொம்பையும் பார்த்தாள், மூன்று பேரையும் பார்த்தாள். கைப்பேசியை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். சிரிக்கவில்லை. அதுவே ருக்குவுக்கு ஆறுதலாக இருந்தது.

முதலில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கில் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாள். சர்க்கரைக்காரர்களுக்கு வாயில் பூஞ்சை வந்தாலும் ருசி கெடும். இல்லை. பல் சொத்தை, ஈறில் சீழ் எதுவும் இல்லை. ஈறின் ஓரத்தை விரலால் விலக்கி இன்னொரு தடவை பார்த்தாள். காரீயம் நிறையச் சேர்ந்தவர்களுக்குச் சில சமயம் அங்கே நீலமாக ஒரு கோடு விழுமாம். அதுவும் இல்லை. ஆனால் கோடு இல்லாததாலேயே காரீயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றும் சேர்த்துச் சொன்னாள். பெருங்காயம் வாசனை வருகிறதா என்று கேட்டாள். அடுத்த வீட்டுப் பெருங்காயமே வருகிறது என்றாள் ருக்கு. அப்படியானால் மூக்கு சரி, சளி காய்ச்சலில் போகிற ருசி இல்லை என்று ஒன்றை ஒதுக்கினாள்.

பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் கேட்டதெல்லாம் இந்தியில்தான்.

“ஆன்ட்டிஜி, உங்க வீட்டுக்கு இந்த சீசன்ல ரெண்டு புது விருந்தாளி வந்திருக்காங்க. ஒருத்தர் இந்தச் சொம்பு. இன்னொருத்தர் நான் கொடுத்த மாத்திரை. எது முதல்ல வந்தது?”

“சொம்பு. நவராத்திரிக்கு.”

“நவராத்திரியில ரசம் எப்படி இருந்தது?”

ருக்கு யோசித்தாள். கொலுவுக்கு வந்த கூட்டம் முழுக்க ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. அவளும் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. தீபாவளி மருந்து கிளறும்போது நாக்கு சரியாகத்தான் இருந்தது. சுக்கு ஒரு துளி தூக்கல் என்று அவளேதான் கண்டுபிடித்தாள். காசு வந்தது அதற்கு எவ்வளவோ அப்புறம். காலை மாத்திரையும் சேர்ந்த பிறகு.

“வயிறு எப்படி? இறுக்கமா, இளக்கமா?”

கணவரையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கு எப்படிப் பதில் சொல்வது? ருக்கு இளக்கம் என்று சொல்லாமல் சொன்னாள். காலையில் இரண்டு மூன்று தடவை ஓட வேண்டியிருக்கிறது என்றும், அதைக் கவலையில் வருவதாக நினைத்திருந்ததாகவும் சொன்னாள்.

டாக்டர் தலையசைத்தாள். காரீயம் வயிற்றை வலிக்கச் செய்யும், ஆனால் பெரும்பாலும் கட்டிப்போடும், மலச்சிக்கல்தான் வரும் என்றாள். இளக்குவது மெட்ஃபார்மினின் குணம். நாக்கில் உலோக ருசி, பசி மந்தம், இவையும் அதற்கு உண்டு. நூற்றில் பல பேருக்கு ஆரம்பத்தில் வரும். சில வாரத்தில் போய்விடும்.

“மாத்திரை எப்போ போடறீங்க? சாப்பாட்டோடதானே சொல்லியிருந்தேன்?”

ருக்கு விழித்தாள். விடியும் முன்னே அடுப்பைப் பற்றவைப்பவள். காலை மாத்திரையைக் காபியோடு விழுங்கிவிட்டு நின்றால், டப்பாக்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் அவள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவது. காபியும் சாப்பாடுதானே என்று ஒரு கணக்கு.

“காபி சாப்பாடு இல்லே, ஆன்ட்டிஜி. மதராஸிகள்கிட்ட இதை எத்தனை தடவைதான் சொல்றது?” என்றாள் டாக்டர். “வெறும் வயித்துல இதைப் போட்டா அது வயித்தை வெச்சு விளையாடும்.”

சேஷு இதுவரை பொறுமையாக இருந்தார். இப்போது தொண்டையைச் செருமினார். எல்லாம் சரி, ஆனால் அதே மாத்திரையைத் தான் பத்து வருஷமாகச் சாப்பிட்டும் எதுவும் ஆகவில்லையே, இதற்கு என்ன பதில் என்று கேட்டார். அதே சொம்பு ரசத்தை அவரும்தான் குடிக்கிறார், அதற்கும் எதுவும் ஆகவில்லையே என்று டாக்டர் திருப்பிக் கேட்டாள். பிறகு அவருடைய மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னாள். அவர் பையில் ஒன்று எப்போதும் இருக்கும். அதைத் திருப்பி, பெயருக்குப் பின்னால் சின்னதாக இருந்த இரண்டு எழுத்தைக் காட்டினாள். அவருடையது மெல்ல மெல்லக் கரைகிற வகை. ருக்குவுடையது உடனே கரைகிறது. மருந்து ஒன்றுதான். வயிற்றுக்குள் நடந்துகொள்ளும் விதம் வேறு. போதாததற்கு, பத்து வருஷத்தில் உடம்பு பழகியும் போயிருக்கும்.

“ஆரம்பிச்ச புதுசில உங்களுக்கு எப்படி இருந்தது, அங்கிள்?”

“எனக்கு ஒண்ணுமே இல்லை” என்றார் சேஷு உடனே.

அப்போது ருக்கு மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அது எத்தகைய பார்வை என்று ஷ்வேதாவுக்குத் தெரியும். அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

“ஒண்ணுமே இல்லையா?” என்றாள் ருக்கு. “பத்து வருஷத்துக்கு முன்னாடி, நான் போட்ட காபியில ரயில்வே கேன்டீன் டம்ளர் நாத்தம் அடிக்கறதுன்னு ஒரு மாசம் பிராணனை வாங்கினது யாரு? கரோல் பாக்ல நம்ம வழக்கமான கடையை மாத்தி, வேற கடையில தூள் வாங்கினது யாரு? ஃபில்டரைத் தூக்கிக் காயலான் கடையில போட்டது யாரு? அந்த மாசம்தானே உங்களுக்கு மாத்திரை ஆரம்பிச்சா?”

சேஷு கிளினிக் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். தமிழில் நடந்ததை ஷ்வேதா டாக்டருக்கு இந்தியில் மாற்றிச் சொன்னாள். டாக்டர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆனால் சிரித்த கையோடு ஒரு சீட்டை எடுத்து எழுதினாள். காரணம் மாத்திரை என்றுதான் தனக்குத் தோன்றுகிறது, ஆனால் தோன்றுவது போதாது என்றாள். புதுச் சொம்பு, புளி, பக்கத்தில் ஒரு கர்ப்பிணி. ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். முடிவு வரச் சில நாளாகும். அதுவரை சொம்பு அடுப்பேறக் கூடாது. மாத்திரையை ருக்கு தானாக நிறுத்தவும் கூடாது. அதே மருந்தை மெதுவாகக் கரையும் வகையில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில், இப்போதைக்கு ஒரே ஒரு வேளை. வயிறு அடங்கியதும் அளவைக் கூட்டலாம். சிறுநீரகப் பரிசோதனை போன மாசமே நன்றாக இருந்தது, அதில் பயமில்லை. வாந்தி வந்தாலோ எதுவும் சாப்பிட முடியாமல் போனாலோ உடனே போன் செய்ய வேண்டும்.

வெளியே வந்ததும் சேஷு ஒரு யோசனை சொன்னார். பெரும்பாலும் மாத்திரைதான் என்று டாக்டரே சொல்லிவிட்டாள். ரத்த முடிவு வரட்டும். அதற்குள் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லி அவளை ஏன் கலவரப்படுத்த வேண்டும்? பிள்ளைத்தாய்ச்சி, பயந்துவிட்டால்?

ருக்குவுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் லிஃப்டில் ஏறியதும், தங்கள் மாடிக்கு அழுத்த வேண்டிய அவள் விரல் நாலைத்தான் அழுத்தியது. மற்ற இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் இறங்கினாள்.

ஜ்யோத்ஸ்னாவே கதவைத் திறந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வை. முகம் வெளுத்திருந்தது. ரசம் இல்லாத ஒரு நாளிலேயே அவளுக்கு வாந்தி திரும்பியிருந்தது. அபினவ் உள்ளே ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தான். ருக்கு உட்காரவில்லை. நின்றபடியே புதுச் சொம்பு, நாக்கின் காசு ருசி, டாக்டர் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். மாத்திரையாகத்தான் இருக்கும் என்று டாக்டர் நினைக்கிறாள், ஆனால் உறுதியில்லை என்பதையும் விடவில்லை.

அபினவின் கையில் ரொட்டி கருகியது. “ஆன்ட்டி, இதை மொதல்லயே...” என்று ஆரம்பித்தவன், ஜ்யோத்ஸ்னா கையைக் காட்டியதும் நிறுத்தினான்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வயிற்றின்மேல் ஒரு கை இருந்தது. பிறகு நிதானமாகக் கேட்டாள்.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு, ஆன்ட்டி?”

“இன்னிக்குக் காலம்பற.”

“காலையில தெரிஞ்சு, சாயங்காலம் சொல்றீங்க. டாக்டரையும் பார்த்துட்டு.” அவள் அபினவைத் திரும்பிப் பார்த்தாள். “இவரு கார் இடிச்சதையே எங்கிட்ட ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னாரு. நாளன்னைக்கு எனக்கு செக்கப் இருக்கு, ஆன்ட்டி. அங்கேயே சொல்லி ரத்தம் கொடுத்துடறேன். நீங்க உக்காருங்க, நிக்க வேணாம்.”

ருக்கு உட்கார்ந்தாள். அழக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். ஜ்யோத்ஸ்னா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, “காசு” என்றாள் ருக்கு. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகான நாட்களை ருக்கு எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ரசம் வைத்துக் கழித்தாள், ஜ்யோத்ஸ்னாவுக்கு மட்டும். தன் நாக்கை நம்பாமல் சேஷுவைக் கூப்பிட்டு நிறுத்திக் குடித்துப் பார்க்கச் சொன்னாள். அவர் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு, உப்பு ஒரு கல் குறைவு, புளி ஒத்துக்கொள்ளலாம் என்று கோப்பில் குறிப்பு எழுதுவது போலத் தீர்ப்புச் சொன்னார். முதல் நாள் ஃபிளாஸ்க் காலியாகத் திரும்பி வந்தது. ரசம் உள்ளேயே தங்கிவிட்டதாகச் செய்தியும் வந்தது. சொம்பு இல்லாமலும் தன் ரசம் ரசம்தான் என்று தெரிந்ததில் ருக்குவுக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் ஏமாற்றம்.

ஷ்வேதா ஆபீஸுக்கு மெட்ரோவில் போகும்போதெல்லாம் பரிசோதனைக் கூடத்தின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை அங்கிருந்தே போன் செய்தாள். பின்னால் அடுத்த நிலையத்தின் பெயரை இந்தியில் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

“மா, நார்மல். பில்குல் நார்மல். சாதாரணமா எல்லார் ரத்தத்துலயும் இருக்குமே, அவ்ளோதான்.”

ருக்கு போனைக் காதிலிருந்து எடுக்காமலே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஆனால் அவள் காத்திருந்தது இன்னொரு முடிவுக்கு. அது மறுநாள் மத்தியானம் வந்தது. குழுவில் இல்லை, தனியாக அவளுக்கு. ஜ்யோத்ஸ்னா தன் பரிசோதனைத் தாளைப் படம் பிடித்து அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘நாங்க ரெண்டு பேரும் நார்மல் ஆன்ட்டி. சொம்பை இறக்குங்க.’

டாக்டர் சுஷ்மாவிடம் இரண்டு தாள்களையும் காட்டினார்கள். புதுச் சொம்பு வந்த நாளிலிருந்து தினமும் அதில் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் ரத்தம் சுத்தமாக இருக்கிறது, அப்படியானால் சொம்பு நிரபராதி என்றாள் அவள். ஆனால் அடுத்த தடவை இந்த மாதிரிப் பாத்திரத்தைப் பேரம் பேசி வாங்க வேண்டாம் என்று சேஷுவைப் பார்த்துச் சொன்னாள். அவர் அதையும் நுரையீரல் படத்திடம் கேட்டுக்கொண்டார்.

வயிறு முதலில் அடங்கியது. பிசைவதும் ஓடுவதும் மாத்திரை மாறிய சில நாளிலேயே நின்றது. பசி வந்தது. நாக்கு மட்டும் அவசரப்படவில்லை. காசு ஒரு நாள் பெரிதாக இருக்கும், ஒரு நாள் சின்னதாக இருக்கும். திங்கட்கிழமை குழுவில் ‘நாளை முதல் சாப்பாடு உண்டு’ என்று ருக்குவே எழுதினாள். அபினவ் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகளாகப் போட்டு, இத்தனை நாள் ஆபீஸ் கேன்டீன் ராஜ்மாவைத் தின்று தானும் வாந்தியெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டதாகப் பதில் அனுப்பினான்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே பனிமூட்டத்தில் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. ருக்கு கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முதல் காபியை ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“ஏன்னா, இங்க வாங்கோ.”

சேஷு பேப்பரை மடித்துக்கொண்டு பதறி வந்தார். மறுபடியும் காசா என்று கேட்டார்.

“காசு போயிடுத்து. சுத்தமா போயிடுத்து.” அவள் டம்ளரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “இந்தத் தூள் நன்னாவே இல்லைன்னா. சிக்கரி தூக்கிண்டு நிக்கறது. பத்து வருஷமா இதையா குடிச்சிண்டிருக்கோம்?”

சேஷு ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். நீண்ட யோசனைக்குப் பிறகு, இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

“பழைய கடையை ஏன் மாத்தினோம்?” என்று ருக்கு கேட்டாள். பதில் தெரிந்துகொண்டே கேட்டாள்.

“அது... அந்தக் கடைக்காரன் மேல தப்பில்லை” என்றார் சேஷு. “கோப்பைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான். சட்டை மாத்திண்டு வரேன்.”

ஷ்வேதா தூக்கக் கலக்கத்தோடு வந்து, இந்தக் குளிரில் இரண்டு பேரும் எங்கே கிளம்புகிறார்கள் என்று கேட்டாள். கரோல் பாக்குக்கு என்றாள் ருக்கு. போவதற்கு முன் இட்லியை எடுத்து வைத்து, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். அடுப்பில் ஜ்யோத்ஸ்னாவின் பங்கு ரசம் சொம்பில் நுரை கட்டிக்கொண்டு வந்தது. ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

“உப்பு சரியா இருக்கா, நான் பார்க்கட்டுமா?” என்று உள்ளேயிருந்து சேஷு கேட்டார்.

“வேண்டாம்” என்றாள் ருக்கு. “எனக்கே தெரியறது.”